எண்ணெய்க் கப்பலா, கன்டெய்னர் கப்பலா? மேல்தளத்தைப் பார்த்தே சொல்லலாம்!

கடலில் ஒரு கப்பல் புகைந்துகொண்டிருக்கும் படம் வாட்ஸ்அப் குழுவில் வந்து விழுந்தால், கூடவே ஒரு வரியும் வரும்: “ஆயில் கப்பல் எரியுது, கடல் முழுக்க எண்ணெய்!” அடுத்த பத்து நிமிடத்தில் அந்த வரி நூறு குழுக்களுக்குப் போய்விடும். படத்தில் இருப்பது எண்ணெய்க் கப்பல்தானா என்று யாரும் பார்ப்பதில்லை. ஆனால், பதில் பெரும்பாலும் படத்திலேயே இருக்கும்.

இது வெறும் பொது அறிவு சமாச்சாரம் அல்ல. நம் பக்கத்துக் கடலில் ஒன்பது மாத இடைவெளியில் நடந்த இரண்டு விபத்துகளைப் பாருங்கள். 2020 செப்டம்பர் 3 அன்று, இலங்கையின் கிழக்குக் கடலில் ‘நியூ டைமண்ட்’ தீப்பிடித்தது. குவைத்திலிருந்து ஒடிசாவின் பாராதீப்புக்குச் சுமார் 2.7 லட்சம் டன் கச்சா எண்ணெய் கொண்டுவந்த டேங்கர் அது. 2021 மே 20 அன்று, கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த ‘எக்ஸ்-பிரஸ் பேர்ல்’ எரியத் தொடங்கியது. அது 1,486 பெட்டிகளை ஏற்றியிருந்த கன்டெய்னர் கப்பல்.

கேட்டவுடன் எது பயமாக இருக்கிறது? டேங்கர்தான். ஆனால் நடந்தது நேர்மாறு. டேங்கரின் கச்சா எண்ணெய் தொட்டிகளுக்குள்ளேயே பத்திரமாக இருந்தது. கன்டெய்னர் கப்பல்தான் ஜவ்வரிசி போன்ற பிளாஸ்டிக் குருணைகளை டன் கணக்கில் கடலில் கொட்டி, இலங்கையின் மேற்குக் கரையை மூடியது. ஏன் இப்படி ஆனது என்பதற்கான முதல் தடயம், இரண்டு கப்பல்களின் மேல்தள அமைப்பில் இருக்கிறது. அதைப் படிக்கக் கற்றுக்கொள்ள ஐந்து நிமிடம் போதும்.

ஒரே ஒரு கேள்வி

கப்பலின் நிறத்தையோ, பக்கவாட்டில் எழுதியிருக்கும் கம்பெனி பெயரையோ முதலில் பார்க்க வேண்டாம். ஒரே கம்பெனி பல வகைக் கப்பல்களை ஓட்டும். எந்த வகைக் கப்பலுக்கும் எந்த பெயின்ட்டும் அடிக்கலாம். அதற்குப் பதிலாக இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: “இந்தக் கப்பலுக்குள் சரக்கு எந்த வழியாகப் போகிறது?”

மேலிருந்து கொட்டும் சரக்குக்குப் பெரிய திறப்பு வேண்டும். குழாய் வழியாகப் போகும் சரக்குக்குத் திறப்பு வேண்டாம், குழாய்தான் வேண்டும். பெட்டிகளை அடுக்க ரேக் போன்ற அமைப்பு வேண்டும். கடலிலிருந்து வலையை இழுத்து ஏற்ற, பின்பக்கம் வெற்றிடம் வேண்டும். நான்கு வகைகளுக்கும் உள்ள வேறுபாடு இவ்வளவுதான். மற்ற அடையாளங்கள் எல்லாம் இதிலிருந்து பிறப்பவை.

சரக்குக் கப்பல்: வரிசையாக மூடிகள்

நிலக்கரி, உரம், கோதுமை போன்றவற்றை மூட்டை கட்டாமல் அப்படியே கொட்டி எடுத்துச் செல்லும் கப்பலை ‘பல்க் கேரியர்’ என்பார்கள். அதன் மேல்தளத்தில் சதுரமான பெரிய இரும்பு மூடிகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு மூடிக்கும் கீழே ஒரு சரக்கறை. மாலுமிகள் தங்கும் வெள்ளைக் கட்டடம் கப்பலின் பின்கோடியில் நிற்கும். அதற்கு முன்னால் கிட்டத்தட்ட முழு நீளமும் மூடிகள்தான்.

நடுத்தர அளவுக் கப்பல்களில் ஐந்து மூடிகளும், அவற்றின் இடைவெளிகளில் நான்கு கிரேன்களும் இருப்பது வழக்கம். துறைமுகத்தில் கிரேன் வசதி இல்லாவிட்டாலும் தானே இறக்கிக்கொள்வதற்காக இந்த ஏற்பாடு. தூரத்திலிருந்து பார்த்தால் தட்டையான உடம்பின் மேல் நான்கு தூண்கள் சம இடைவெளியில் நிற்பது போலத் தெரியும். இந்தத் தோற்றத்தை ஒரு தடவை பார்த்துவிட்டால் மறக்காது.

இதைவிடப் பெரிய பல்க் கேரியர்களில் கிரேனே இருக்காது. ஏழு அல்லது ஒன்பது மூடிகள் மட்டும்தான். இவற்றைத்தான் மக்கள் டேங்கர் என்று நினைத்து ஏமாறுகிறார்கள். அதற்கான சோதனையைக் கொஞ்சம் கீழே பார்ப்போம்.

இயந்திரம், மரத்தடி, இரும்புச் சுருள் என்று கலந்து ஏற்றும் பொதுச் சரக்குக் கப்பல் இன்னும் சிறியது. அதில் மூடிகளின் எண்ணிக்கை குறைவு, ஒவ்வொன்றும் நீளமாக இருக்கும். கிரேன்கள் நடுவில் இல்லாமல் ஒரு பக்க ஓரமாக நிற்பதும் உண்டு.

டேங்கர்: மூடி இல்லை, குழாய் உண்டு

டேங்கரின் மேல்தளத்தில் பெரிய திறப்பு எதுவும் இருக்காது. எண்ணெய் குழாய் வழியாக ஏறி, குழாய் வழியாகவே இறங்குகிறது. எண்ணெய் ஆவி தீப்பற்றக்கூடியது என்பதால், பெரிய வாயைத் திறந்து வைப்பது ஆபத்தும்கூட. அதனால் தளத்தின் நடுக்கோட்டில், முன்னிருந்து பின்வரை நீளவாக்கில் குழாய்கள் ஓடும். பல கப்பல்களில் அவற்றின் மேலேயோ பக்கத்திலோ நடப்பதற்கு ஒரு இரும்புப் பாதையும் இருக்கும்.

முக்கியமான அடையாளம் கப்பலின் நட்ட நடுவில் இருக்கிறது. நீளவாக்கில் ஓடும் குழாய்கள் அங்கே குறுக்காகத் திரும்பி, இரண்டு பக்க ஓரங்களிலும் வாயைத் திறந்து நிற்கும். கரையிலிருந்து வரும் குழாயை அங்குதான் மாட்டுவார்கள். அந்தக் கனமான ரப்பர் குழாயைத் தூக்குவதற்காக நடுவில் மட்டும் ஒன்றோ இரண்டோ சிறிய கிரேன்கள் நிற்கும். பின்கோடி வெள்ளைக் கட்டடத்தின் முகப்பில் ‘நோ ஸ்மோக்கிங்’ என்று பெரிய எழுத்தில் எழுதியிருப்பது உறுதிப்படுத்தும் கூடுதல் சாட்சி.

சமையல் எரிவாயு, இயற்கை எரிவாயு கொண்டுசெல்லும் கப்பல்களும் டேங்கர் குடும்பம்தான். ஆனால் தளம் தட்டையாக இருக்காது. பெரிய அரைக்கோளங்கள் வரிசையாகத் தெரிந்தாலோ, தளத்தின் நடுப்பகுதி முழு நீளத்துக்கும் மேடாக உயர்ந்திருந்தாலோ, அது எரிவாயுக் கப்பலாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இப்போது அந்தச் சோதனை. கிரேன் இல்லாத பல்க் கேரியரும் டேங்கரும் தூரத்தில் அச்சு அசலாக ஒன்றுபோலவே இருக்கும். இரண்டிலும் நீண்ட தட்டை உடம்பு, பின்கோடியில் வெள்ளைக் கட்டடம். படத்தைப் பெரிதாக்கி, கப்பலின் நடுப்பகுதிக்குப் போங்கள். அங்கே மட்டும் சின்னதாக ஒரு கிரேன் நின்று, மற்ற இடமெல்லாம் மெல்லிய கோடுகளாகத் தெரிந்தால் டேங்கர். நடுவில் எதுவும் தனியாக நிற்காமல், தளத்தின் விளிம்பு முழுக்கப் படிக்கட்டுப் பலகைகளை வரிசையாக வைத்ததுபோல் மேடு பள்ளமாகத் தெரிந்தால் பல்க் கேரியர். அந்த மேடுகள்தான் மூடிகள்.

கன்டெய்னர் கப்பல்: தளமே தெரியாது

பெட்டிகள் அடுக்கியிருந்தால் இதைக் குழந்தைகூடச் சொல்லிவிடும். சிக்கல், கப்பல் காலியாக இருக்கும்போதுதான். அப்போது தளத்தின் குறுக்கே, இடமிருந்து வலமாக, உயரமான இரும்புச் சட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்பது தெரியும். மேலடுக்குப் பெட்டிகளைக் கம்பியால் இழுத்துக் கட்டுவதற்கு ஆட்கள் ஏறி நிற்கும் பாலங்கள் அவை. டேங்கரின் குழாய்கள் நீளவாக்கில் ஓடும். கன்டெய்னர் கப்பலின் சட்டங்கள் குறுக்குவாக்கில் நிற்கும். இந்த ஒரு வித்தியாசம் போதும்.

கப்பலின் உடம்பும் வேறு மாதிரி இருக்கும். மீனவர்கள் ‘அணியம்’ என்று சொல்லும் முன்பகுதி, தண்ணீர் மட்டத்தில் கத்திபோல ஒல்லியாகவும், மேலே போகப்போக அகன்று விரிந்தும் இருக்கும். வேகமாகப் போகவும் வேண்டும், மேலே நிறையப் பெட்டி அடுக்கவும் வேண்டும் என்பதால் இந்த வடிவம். பல்க் கேரியர், டேங்கர் இரண்டுக்கும் முன்பகுதி பொதுவாக மொழுக்கென்று பருத்திருக்கும்.

மிகப் பெரிய கன்டெய்னர் கப்பல்களில் வெள்ளைக் கட்டடம் முன்பக்கம் நகர்ந்து, புகைபோக்கி மட்டும் தனியாகப் பின்னால் நிற்கும். ஒரே கப்பலில் இரண்டு கோபுரங்கள் தெரிந்தால், நீங்கள் ராட்சத கன்டெய்னர் கப்பல் ஒன்றைப் பார்க்கிறீர்கள் என்று தைரியமாகச் சொல்லலாம்.

இந்தக் கப்பலில் உங்களுக்கு இலவசமாக ஒரு அளவுகோலும் கிடைக்கிறது. பெரிய பெட்டியின் நீளம் 40 அடி, அதாவது சுமார் 12 மீட்டர். சிறியது அதில் பாதி. பக்கவாட்டில் பெரிய பெட்டிகள் எத்தனை வரிசை என்று எண்ணுங்கள். பன்னிரண்டு வரிசை என்றால் பெட்டிகள் மட்டும் 146 மீட்டர். இடைவெளி, வெள்ளைக் கட்டடம், அணியம் எல்லாம் சேர்த்தால் கப்பல் கிட்டத்தட்ட 180 முதல் 200 மீட்டர் வரும்.

விசைப்படகு: வேலை நடப்பது பின்பக்கம்

கடலடியில் வலையை இழுத்து மீன் பிடிக்கும் படகுதான் டிராலர். நம் கரையில் விசைப்படகு என்கிறோம். இலங்கைத் தமிழர்கள் இழுவைமடிப் படகு என்பார்கள். தமிழகத்தில் இவை பெரும்பாலும் 24 மீட்டருக்குள் அடங்கிவிடும். அதாவது இரண்டு கன்டெய்னர் பெட்டிகளின் நீளம்கூட இல்லை.

உயர்ந்த அணியம், அதற்குப் பின்னால் வீல்ஹவுஸ் எனப்படும் ஓட்டுநர் அறை, அதற்குப் பின்னால் கம்பி வடம் சுற்றிய வின்ச், கடைசியில் காலியான வேலைத்தளம். ‘அமரம்’ எனப்படும் பின்முனையில் கதவு நிலைபோல ஒரு இரும்புச் சட்டம் நிற்கும். வலையின் வாயை விரித்துப் பிடிக்கும் கனமான இரண்டு பலகைகள் அந்தச் சட்டத்தின் இரு பக்கமும் தொங்கும். அந்தப் பலகைகள்தான் டிராலரின் கையெழுத்து. வின்ச், பின்சட்டம், பலகை மூன்றும் இல்லாத மீன்பிடிப் படகு வேறு வலை போடும் படகாக இருக்கலாம். எல்லா மீன்பிடிப் படகையும் டிராலர் என்று எழுதுவது சின்னத் தவறு அல்ல. கடலடி இழுவை மீன்பிடிப்பை இலங்கை 2017-ல் சட்டப்படி தடை செய்திருக்கிறது. பாக் நீரிணைச் செய்தியில் அந்த ஒரு சொல் ஒரு மீனவர் மீதான குற்றச்சாட்டாகவே மாறிவிடும்.

ஒரு படத்தைப் படித்துப் பார்ப்போம்

காசிமேட்டிலிருந்து கடலை நோக்கி எடுத்த ஒரு படம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கூடவே ஒரு வரி: “சென்னைத் துறைமுகத்தில் எண்ணெய்க் கப்பல் கசிகிறது.” படத்தின் முன்பக்கம் நெருக்கியடித்து நிற்கும் படகுகள். அமரத்தில் இரும்புச் சட்டம், பலகைகள். சந்தேகமே இல்லை, விசைப்படகுகள்.

அலைதடுப்புக் கற்களுக்கு அப்பால் ஒரு பெரிய கப்பல் நிற்கிறது. பின்கோடியில் வெள்ளைக் கட்டடம். இது மூன்று வகைக்கும் பொருந்தும், எனவே எதையும் சொல்லாது. அடுத்து, தளத்தின் மேல் நான்கு கிரேன்கள் சம இடைவெளியில் நிற்கின்றன. டேங்கருக்கு நடுவில் மட்டும்தானே கிரேன் இருக்கும்? ஆக, டேங்கர் இல்லை. கிரேன்களுக்கு இடையே பெட்டிகளும் இல்லை, குறுக்குச் சட்டங்களும் இல்லை. தாழ்வான மேடுகள் மட்டும் தெரிகின்றன. அணியம் மொழுக்கென்று இருக்கிறது. இது பல்க் கேரியர்.

இன்னொன்றும் தெரிகிறது. கப்பலின் கீழ்ப்பகுதியில் சிவப்புப் பட்டை அகலமாக வெளியே தெரிகிறது. பெரும்பாலான கப்பல்களில் நீருக்கடியில் இருக்கும் பகுதிக்குச் சிவப்பு பெயின்ட் அடிப்பார்கள். அது வெளியே தெரிந்தால் கப்பல் மிதந்து உயர்ந்து நிற்கிறது. சரக்கு இல்லை, அல்லது மிகக் குறைவு.

சரி, அதே கப்பல் சரக்கோடு தாழ்ந்து நின்று, “சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறங்குகிறது” என்று எழுதியிருந்தால்? அதையும் நம்ப முடியாது. தூசு மாசு தொடர்பான வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் இட்ட உத்தரவால், சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியையும் இரும்புத்தாதுவையும் கையாள்வது 2011-ல் நின்றுவிட்டது. நிலக்கரி எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்குப் போய்விட்டது. படம் பழையது, அல்லது ஊர் வேறு.

எங்கே ஏமாறுவோம்?

முதல் இடம், டெலி லென்ஸ். கரையில் அடுக்கிய பெட்டிகளும் கரையில் நிற்கும் கிரேன்களும் கப்பலின் மேலேயே இருப்பதுபோல அந்த லென்ஸ் காட்டிவிடும். கிரேனின் காலைத் தேடுங்கள். கால் கப்பலின் தளத்தில் ஊன்றியிருந்தால் கப்பலுடையது. நான்கு கால்களோடு கரையில் நின்று, நீண்ட கையைக் கப்பலுக்கு மேல் நீட்டியிருந்தால் துறைமுகத்துடையது.

இரண்டாவது, மூடிகளின் மேல் நாலைந்து கன்டெய்னர்களை ஏற்றிக்கொண்டு போகும் பொதுச் சரக்குக் கப்பல். பெட்டி இருக்கிறது என்பதற்காக அது கன்டெய்னர் கப்பல் ஆகிவிடாது. பெட்டிகள் அகலம் முழுவதையும் நிரப்பி, வரிசை வரிசையாக நிற்கின்றனவா என்று பாருங்கள்.

மூன்றாவது, நேர் முன்னாலிருந்து எடுத்த படம். அணியம் மட்டும்தான் தெரியும், தளம் தெரியாது. அந்தப் படத்தை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. “தெரியவில்லை” என்பதும் சரியான பதில்தான்.

மறுபடி அந்த இரண்டு கப்பல்கள்

நியூ டைமண்டின் படங்களில் தீ பின்கோடியில், வெள்ளைக் கட்டடத்தில் எரிகிறது. அதற்கு முன்னால் நீண்ட தட்டைத் தளம், குழாய்கள், நடுவில் கிரேன். எண்ணெய்த் தொட்டிகள் அந்தத் தளத்துக்கு அடியில்தான் இருக்கின்றன, தீ எரிவதோ இன்ஜின் அறைக்கு மேலே. மூடிய எஃகுத் தளத்தின் கீழே சரக்கு தனித்தனித் தொட்டிகளில் பிரிந்து இருந்தது. தீ முன்னோக்கிப் பரவாமல் இந்தியக் கடலோரக் காவல் படையும் இலங்கை, இந்தியக் கடற்படைகளும் தடுத்ததால் அந்தப் பிரிவு நிலைத்தது. இன்ஜின் அறை வெடிப்பில் ஒரு மாலுமி இறந்தார். கப்பலின் சொந்த எரிபொருள் கொஞ்சம் கடலில் படர்ந்தது. கச்சா எண்ணெய் கசியவில்லை.

எக்ஸ்-பிரஸ் பேர்ல் படங்களில் புகை வெள்ளைக் கட்டடத்துக்கு முன்னால், பெட்டிகளுக்கு நடுவிலிருந்து வருகிறது. எரிவது சரக்கேதான். அமிலம் ஒரு பெட்டியில், பிளாஸ்டிக் குருணை இன்னொரு பெட்டியில், அலங்காரப் பொருள்கள் வேறொன்றில் என்று பெட்டிகள் தோளோடு தோள் ஒட்டி நின்றன. ஒன்று கசிந்து எரிந்தால் அடுத்ததைத் தடுக்க நடுவே சுவர் இல்லை. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் என்ன இருக்கிறது என்பது எந்தப் படத்திலும் தெரியாது. அது சரக்குப் பட்டியலில் மட்டும்தான் இருக்கும்.

இங்கேதான் படத்தின் எல்லையும் வருகிறது. கப்பலின் வகை என்ன சரக்கு என்பதைச் சொல்லும், கப்பல் ஓடுவதற்கான எரிபொருளைச் சொல்லாது. 2025 மே 25 அன்று கொச்சிக்கு அருகே மூழ்கிய ‘எம்எஸ்சி எல்சா 3’ கன்டெய்னர் கப்பல்தான், டேங்கர் அல்ல. ஆனாலும் அதன் தொட்டிகளில் சுமார் 367 டன் ஃபர்னஸ் ஆயிலும் 84 டன் டீசலும் இருந்தன. “டேங்கர் இல்லை, அதனால் எண்ணெய்க் கசிவு வராது” என்று முடிவு கட்டுவதும் தவறுதான். அந்தக் கப்பலின் பிளாஸ்டிக் குருணைகள் கன்னியாகுமரிக் கரை வரைக்கும் வந்தன.

அதனால்தான் கப்பல் விபத்தின் முதல் அறிவிப்பிலேயே மூன்று விஷயங்கள் தனித்தனியாக வர வேண்டும் என்கிறோம்: என்ன வகைக் கப்பல், என்ன சரக்கு, எவ்வளவு எரிபொருள். வகையை நாமே படத்தில் பார்த்துவிடலாம். மற்ற இரண்டும் கப்பல் நிறுவனத்திடமும் அரசிடமும் முதல் நாளிலேயே இருக்கின்றன. கரையில் ஒதுங்கும் பெட்டியைத் தொடலாமா, நாளைக்குக் கடலுக்குப் போகலாமா என்று முடிவெடுக்க வேண்டிய மீனவருக்கு அந்தத் தகவல் வாரக்கணக்கில் தாமதமாக வருவதில் எந்த நியாயமும் இல்லை.

ஊடகங்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு. கன்டெய்னர் கப்பல் செய்திக்கு டேங்கர் படத்தைப் போடுவதும், எல்லாவற்றுக்கும் ‘சரக்குக் கப்பல்’ என்று பொதுவாகத் தலைப்பிடுவதும் வாசகரைத் தவறான பயத்துக்கோ தவறான நிம்மதிக்கோ தள்ளிவிடும். அடுத்த முறை அப்படி ஒரு படம் வந்தால், பகிர்வதற்கு முன் இரண்டு விரலால் பெரிதாக்கி, கப்பலின் நடுப்பகுதியைப் பாருங்கள். மூடியா, குழாயா, சட்டமா? தளமும் எழுதிய வரியும் ஒத்துப்போகவில்லை என்றால், அந்த வரியை உங்களோடு நிறுத்திவிடுங்கள்.